புதுப்பிப்பு: 5 வோல்ட் எல்சிடியும் ஈஎஸ்பி32-உம்

என் பழைய கேள்வி: "ஏற்காட்டு நாற்றுக் குடிலில் 3.3 வோல்ட்டில் ஓடும் ஈஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலர் போர்டோடு 5 வோல்ட் ஐ2சி எல்சிடியை நேராக இணைக்கலாமா?"

"எனக்கு நேராத்தான் ஓடுது, ஒண்ணும் ஆகல" என்று நண்பர் ஒருவர் எழுதியது பாதி சரி. ஐ2சி கம்பியின் வோல்ட்டேஜை போர்டு கீழே மட்டும்தான் இழுக்கும். மேலே தூக்குவது எல்சிடியின் முதுகில் உள்ள புல்-அப் ரெசிஸ்டர். அது 5 வோல்ட்டில் கட்டியிருப்பதால் எல்சிடி ஓடும், ஆனால் போர்டின் 3.3 வோல்ட் சிக்னல் பின் அந்த 5 வோல்ட்டைத் தாங்கும் என்ற உறுதி டேட்டாஷீட்டில் இல்லை.

சேலத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணன், "போர்டைக் கழட்டிட்டு எல்சிடியோட டேட்டா கம்பி எஸ்டிஏ-வை மீட்டர்ல பாருப்பா" என்றார். 4.9 வோல்ட். அதோடு சந்தேகம் தீர்ந்தது.

5 வோல்ட் சிக்னலை 3.3-க்கு மாற்ற, நடுவில் பிஎஸ்எஸ்138 லெவல் ஷிஃப்டர் போட்டேன். அதன் எல்வி பின்னுக்கு 3.3, ஹெச்வி பின்னுக்கு 5, இரண்டு பக்க கிரவுண்டும் ஒன்றாக. போர்டின் எஸ்டிஏ, எஸ்சிஎல் பின்களைச் சேர்க்கும் முன் அவை சேர வேண்டிய எல்வி1 போன்ற பின்களில் 3.3 வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். 5-ஐ நெருங்கினால் எல்வி, ஹெச்வி இடம் மாறியிருக்கும்.

எல்இடி பட்டை மினுக்குவதாகக் கேட்ட தம்பிக்கு: பட்டைக்குப் போகும் டேட்டாவின் வேகத்துக்கு இந்த ஷிஃப்டரின் 10 கிலோ ஓம் புல்-அப் மெதுவானது. அதற்குப் பதில் 74ஏஹெச்சிடி125 பஃபர் சிப் வாங்குங்கள்.

எல்சிடிக்குப் போகும் கம்பியை நீட்டினால் எழுத்துகள் சிதறுகின்றன. அது இன்னும் தீரவில்லை.