ஒரே வசனத்துக்கு ஒரே மொழிபெயர்ப்பு: சரியா, பிழையா?

கொக்குவில் வாணி: கிணறு துப்புரவாக்கும் கையேடு ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குகிறேன். 140 பக்கம், இடைக்கிடை கேள்விப் படிவங்கள். பாவிப்பது OmegaT என்ற மொழிபெயர்ப்பு மென்பொருள். "No." என்ற பதிலுக்கு ஒருமுறை "இல்லை" என்று அடித்தேன். இப்போது எல்லா அட்டவணையிலும், இலக்கம் என்ற பொருளில் "No." என்றிருந்த முதல் நிரலின் தலைப்பும் "இல்லை" என்று நிற்கிறது! பிழை மென்பொருளிலா, என்னிலா?

நல்லூரான்: கூகுளை நம்பினால் இப்படித்தான் வரும்.

பழைய பேனா: தம்பி, இதில் கூகுளுக்கு வேலையே இல்லை. வாணி அடித்ததைத்தான் அது திரும்பப் போட்டிருக்கிறது. எழுத்துக்கெழுத்து ஒத்திருந்தால் அதற்கு எல்லாம் ஒரே வசனம். வாணி, தலைப்பில் நின்றுகொண்டு `Create Alternative Translation` கொடுத்து "இல." என்று அடியுங்கோ. அது அந்த ஒரு இடத்துக்கு மட்டும்தான். ஒவ்வொரு தலைப்புக்கும் தனியாகச் செய்ய வேண்டும்.

மானிப்பாய்க் குமரன்: இதை நான் ஏற்க மாட்டேன். எல்லாம் ஒரே மாதிரி வரத்தானே, மொழிபெயர்த்த வசனங்களைச் சேர்த்துவைக்கும் நினைவகமே வைத்திருக்கிறோம்? இடத்துக்கொரு மாற்று வைத்தால் யார் பிறகு கணக்கு வைப்பது? சும்மா விட்டால் 140 பக்கத்திலும் சொற்கள் தானாக ஒத்துவரும்.

பழைய பேனா: வசனம் ஒத்துவரும், சொல் ஒத்துவராது. 3ஆம் பக்கத்தில் "வெளிற்றும் தூள்" என்றும் 90ஆம் பக்கத்தில், வேறொரு வசனத்துக்குள், "பிளீச்சிங் பவுடர்" என்றும் எழுதினால் நினைவகம் வாயே திறக்காது. அதற்கு `glossary` கோப்புறையில் சொற்பட்டியல் போட வேண்டும். அதுவும் பக்கத்தில் காட்டும், அவ்வளவுதான். கையைப் பிடித்து எழுத வைக்காது.

ஆனால் கணக்கு வைப்பது கஷ்டம் என்பதில் குமரன் சொல்வது சரி. மூலத்தைத் திருத்தி அனுப்பும்போது முன்னே பின்னே உள்ள வசனம் மாறினால், மாற்று கழன்று பழையபடி "இல்லை" வந்து நிற்கலாம்.

சுன்னாகத்தான்: எனக்கு வேறு பிரச்சினை. திரும்ப வரும் வசனங்களுக்குக் காசு தர மாட்டோம் என்கிறார்கள். "இல்லை", "இல." பார்த்துத் திருத்தும் நேரத்துக்கு யார் தருவது?

மானிப்பாய்க் குமரன்: அதே வசனத்துக்கு இரண்டாம் முறை எதற்குக் காசு?

பழைய பேனா: முழுக்க ஒத்ததை விடுங்கோ, கிட்டத்தட்ட ஒத்ததுதான் ஆளைக் கவிழ்க்கும். பழைய பதிப்பில் கிணற்றுத் தண்ணீரை அன்றே குடிக்கப் பாவிக்கலாம் என்று ஒரு நீட்டு வசனம் இருந்தது, "may be used". புதியதில் "may not be used". ஒரு சொல்தான் வித்தியாசம், 90 வீதத்துக்கு மேல் பொருத்தம் காட்டி, பழைய மொழிபெயர்ப்பை நினைவகம் எடுத்துத் தந்தது. இரவு பன்னிரண்டு மணி, கண்ணெல்லாம் சொக்கிக்கொண்டு வந்தது, அப்படியே ஏற்றுக்கொண்டேன். அச்சுக்குப் போகுமுன் ஒரு பிள்ளை வாசித்துக் கண்டுபிடித்தாள்.

மானிப்பாய்க் குமரன்: அது நித்திரையின் பிழை, நினைவகத்தின் பிழை இல்லை.

கொக்குவில் வாணி: எண்ணிப் பார்த்தேன். தலைப்பு 31, பதில் 9.

பழைய பேனா: அப்ப தலைகீழாகச் செய்யுங்கோ. பொது மொழிபெயர்ப்பு "இல." ஆகட்டும், அந்த 9 பதிலுக்கு மட்டும் மாற்று.

சுன்னாகத்தான்: காசு விஷயத்துக்கு ஒருத்தரும் பதில் சொல்லவில்லையே?