புதுப்பிப்பு: ‘ஹிஸ்’ போய் ‘தேர்’ வந்ததும் கிளம்பிய குழப்பம்

முன்பு நான் கேட்டது: “பழைய ஆங்கில ஒப்பந்தம் ஆண்களை மட்டும் குறிக்காமல் இருக்க, ஹி, ஹிஸ் எல்லாவற்றையும் தே, தேர் என்று மாற்றினால் போதுமா?”

போதவில்லை. ஏஜென்ட், விநியோகஸ்தர்களுக்கு அறிக்கை அனுப்பியபின் ‘ஹிஸ்’ செலவைக் கோரலாம் என்று ஒரு பிரிவு. ‘தேர்’ போட்டதும் செலவு யாருடையது என்றே தெரியவில்லை. அதுவரை அந்த ஒருமைதான் ஆளைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒப்பந்தம் எழுதுவதில் பழுத்த ஒருவர் சொன்னபடி “ஏஜென்டின் செலவு” என்று பெயரையே திரும்ப எழுதினேன். சரியாகிவிட்டது.

“ஆண்பால் பெண்பாலையும் குறிக்கும் என ஒரு பிரிவு சேருங்கள்” என்றார் இன்னொருவர். பாதி சரி, பொருள் மாறாது, ஆனால் ஹி அப்படியே கிடக்கும்.

அப்புறம், ஒரே பிரிவில் இரண்டு ஏஜென்ட் வரும் இடம் இன்னும் தீரவில்லை.