6,000 ரூபாயை மூன்றாகப் பிரித்தேன்: மாவுக் கடையின் முதல் மாதம்

மாவுக்கடை
கோவையில் எங்கள் ஏரியாவிலேயே இட்லி மாவுக் கடை போட்டு ஒரு மாதம் ஆகிறது. விளம்பரத்துக்குக் கையில் இருந்தது 6,000 ரூபாய். 2,000 நோட்டீஸ் அடித்துப் பேப்பருக்குள் வைக்க 2,600, இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 1,500, மீதி 1,900-க்குப் பக்கத்து இரண்டு தெருவில் 60 வீட்டுக்குக் கால் கிலோ மாவு சாம்பிள். நோட்டீஸைக் கொண்டு வந்தால் 10 ரூபாய் தள்ளுபடி என்று போட்டிருந்தேன், திரும்பி வந்தது 23 தான். இன்ஸ்டாவில் ஊர் முழுக்கத் தெரிகிற மாதிரி விட்டுவிட்டேன், அதனால் சிங்காநல்லூரிலிருந்து டெலிவரி உண்டா என்று கேட்டார்கள், கடைக்கு வந்தவர்கள் நாலு பேர். சாம்பிள் கொடுத்த வீடுகளில் 31 வீடு பத்து நாளில் வாங்கியது. இனி எல்லாப் பணத்தையும் சாம்பிளிலேயே போடலாமா?

ராஜா_ஆர்எஸ்புரம்
நோட்டீஸெல்லாம் இப்போது யார் படிக்கிறார்கள்? கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்யுங்கள், காசே இல்லை, அது போதும்.

மாவுக்கடை
முதல் வாரமே பதிவு செய்துவிட்டேன் ராஜா. தேடுகிறவர்களுக்குத்தானே அது காட்டும்? அடுத்த தெருவில் மாவு கிடைக்குமா என்று யாரும் போனில் தேடுவதில்லை. புதிதாகக் குடிவந்த இரண்டு பேர் மட்டும் அப்படி வந்தார்கள்.

தையல் அக்கா
நான் கடை முக்கில் ஃபிளெக்ஸ் வைத்தேன், அனுமதி வாங்கவில்லை, நாலாம் நாள் எடுத்துவிட்டார்கள். 1,200 ரூபாய் போச்சு. பிளவுஸுக்கு எவ்வளவு தள்ளுபடி கொடுக்கலாம், யாராவது சொல்லுங்கள்.

பழைய ஏஜென்ட்
தம்பி, அவசரப்படாதீர்கள். சாம்பிள் போனது கடைக்கு மிக அருகில் இருக்கிற வீடுகளுக்கு. அவர்களில் பாதிப் பேர் போர்டைப் பார்த்தே வந்திருப்பார்கள், அதனால் அந்த 31-ஐ நோட்டீஸின் 23-உடன் வைத்துப் பார்க்க முடியாது. இந்த மாதம் நாலு தெரு தள்ளி, ஒரே மாதிரி இரண்டு தெரு எடுங்கள். ஒன்றுக்குச் சாம்பிள், இன்னொன்றுக்கு நோட்டீஸ். 2,000 வீட்டுக்கு ஒரு தடவை போடுவதை விட, பேப்பர்காரரின் ஒரே லைனில் 300 வீட்டுக்கு வாரம் ஒன்றாக மூன்று தடவை போடுங்கள். மூன்று வாரத்துக்கும் மூன்று நிறத் தாள், எந்த வாரத்தது திரும்புகிறது என்று தெரியும். காலையில் அந்த லைனில் நாலு வீட்டில் கேட்டுப் பாருங்கள், நோட்டீஸ் கட்டு பிரிக்காமலே கிடப்பதும் உண்டு. தாளை மறந்து வருகிறவர்களும் இருப்பார்கள், கல்லாவில் வாய்விட்டுக் கேட்டு நோட்டில் கோடு போடுங்கள். இன்ஸ்டாவில் கடைமேல் பின் வைத்து வட்டத்தைச் சுருக்கலாம், ஆனால் வட்டம் சின்னதானால் அதே ஆட்களுக்கே திரும்பத் திரும்பக் காட்டும், நாளுக்கு 50 ரூபாய்க்கு மேல் போடாதீர்கள்.

மாவுக்கடை
நான் அதை யோசிக்கவே இல்லை அண்ணா. அந்த 31-ல் 19 வீடு இன்னும் வாங்குகிறது, அதில் எத்தனை பேர் எப்படியும் வந்திருப்பார்கள் என்று இப்போது கண்டுபிடிக்க வழி உண்டா?

பழைய ஏஜென்ட்
இனி முடியாது தம்பி. சாம்பிள் கொடுக்கும் முன்னாலேயே சில வீட்டை விட்டுவைத்திருக்க வேண்டும்.