அடுப்படி எம்.சி.பி. சில நாள் மட்டும் விழுகிறது: உங்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள்?

கொழிஞ்சாம்பாறை மருமகள்

எங்கள் வீட்டில் அடுப்படிக்கு ஒரே லைன், அதற்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. வீடு கட்டும்போது மிக்ஸியும் ஃபிரிட்ஜும்தான் இருந்தன. இப்போது இண்டக்‌ஷன் அடுப்பு, மைக்ரோவேவ் இரண்டும் வந்துவிட்டன. குளிக்க வெந்நீர் போடும் ஹீட்டர் ராடும் இதே லைனில்தான் மாட்டுகிறோம். காலையில் இண்டக்‌ஷனும் ராடும் சேர்ந்து ஓடினால் ஒன்றும் ஆவதில்லை. நடுவில் மைக்ரோவேவ் போட்டுவிட்டு மிக்ஸியையும் ஓட்டினால், கொஞ்ச நேரத்தில் எம்.சி.பி. விழுந்துவிடுகிறது. உடனே தூக்கிவிட்டால் சீக்கிரமே மறுபடி விழுகிறது, ஆறவிட்டுத் தூக்கினால் நிற்கிறது. கடைக்காரர் பெரிய எம்.சி.பி. மாற்றச் சொல்கிறார். இப்படி மாற்றியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கோபாலபுரம் பெரியவர்

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். கணக்கு எளிது, அம்மா. எல்லாவற்றின் வாட்டையும் கூட்டி 230ஆல் வகுக்க வேண்டும். இண்டக்‌ஷன் 2000, ராடு 1500, மைக்ரோவேவ் 800, மிக்ஸி 750, ஃபிரிட்ஜ் 150. மொத்தம் 5200 வாட், அதாவது 22.6 ஆம்பியர். 16 தாங்காது, 25 போடுங்கள். நான் 32 போட்டேன், அதற்குப் பிறகு ஒரு நாள்கூட விழவில்லை.

சித்தூர் டீச்சர்

எங்களுக்கு மழை பெய்தால் மட்டும் விழுகிறது. மோட்டார் ரூம் பக்கம் ஈரம். நானும் 32 ஆக மாற்றினால் சரியாகுமா?

வேலந்தாவளம் வயர்மேன்

டீச்சர், உங்களுடையது வேறு விஷயம். மழைக்கு விழுவது பெரும்பாலும் டெஸ்ட் பட்டன் உள்ள அந்தப் பெரிய ஆர்.சி.சி.பி.தான். எங்கோ கரண்ட் ஈரத்தில் கசிகிறது. அதற்கும் ஆம்பியர் கூட்டலுக்கும் சம்பந்தமில்லை. கசிவைக் கண்டுபிடிக்கும் வரை அதை மாற்றவோ, பைபாஸ் பண்ணவோ யாரையும் விடாதீர்கள்.

ஐயா சொன்ன கூட்டல் முறை சரிதான், ஆனால் இரண்டு இடம் இடிக்கிறது. மைக்ரோவேவ் முன்னால் எழுதியிருக்கும் 800, சாப்பாட்டுக்குள் போகும் சூடு. லைனிலிருந்து இழுப்பது பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும், பெரும்பாலும் 1200 பக்கம். ஃபிரிட்ஜுக்கும் வாட்டை வகுத்தால் குறைவாக வரும், ஸ்டிக்கரில் ஆம்பியரே போட்டிருந்தால் அதை எடுங்கள். என் கணக்கு இது: இண்டக்‌ஷன் 8.7, ராடு 6.5, மைக்ரோவேவ் 5.2, மிக்ஸி 3.3, ஃபிரிட்ஜ் 1. எல்லாம் சேர்ந்தால் 24.7.

இப்போது அக்கா வீட்டில் நடப்பதைப் பாருங்கள். இண்டக்‌ஷன், ராடு, ஃபிரிட்ஜ் மூன்றும் 16.2. அதற்கு எம்.சி.பி. அசையாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. 18 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் தாங்க வேண்டும், 23ஐத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும், அதுதான் அதன் தரக்கணக்கு. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் விழுந்தாலும் விழும், விழாமலும் இருக்கும். மைக்ரோவேவ் மட்டும் சேர்ந்தால் 21.4, அந்த நடுப்பகுதி. மிக்ஸியும் சேர்ந்தால் எல்லை தாண்டிவிட்டது. உள்ளே ஒரு தகடு சூடேறி வளைந்துதான் சுவிட்சைத் தட்டிவிடுகிறது. அது ஆறும் முன் தூக்கினால் சீக்கிரம் விழும். உங்கள் எம்.சி.பி. சரியாகத்தான் வேலை செய்கிறது, அக்கா. ஷார்ட் என்றால் தூக்கிய நொடியே விழும்.

25 போடலாமா என்பதை வயரிடம்தான் கேட்க வேண்டும். சுவருக்குள் என்ன வயர் போகிறது? தனிப் பைப்பா?

கொழிஞ்சாம்பாறை மருமகள்

போர்டைக் கழற்றி வயர் மேல் அச்சடித்ததைத் தம்பி பார்த்தான், 2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர். அதே பைப்பில் ஏ.சி. லைனும் போகிறதாம்.

வேலந்தாவளம் வயர்மேன்

அப்படியென்றால் 25 வேண்டாம். சுவருக்குள் பைப்பில் தனியாகப் போகும் 2.5 வயருக்கு 24 ஆம்பியர் என்று வயர் தாங்கும் அளவு டேபிளில் இருக்கும். அது 30 டிகிரிக்கு. நம் பக்கம் பங்குனி, சித்திரையில் 40 டிகிரி வந்தால் 21க்கு இறங்கும். அதே பைப்பில் இன்னொரு லைன் சூடேறிக்கொண்டிருந்தால் 17க்குக் கீழே போய்விடும். அதற்குப் பொருத்தம் இப்போது இருக்கும் 16தான்.

32 போட்ட ஒரு வீட்டில், எம்.சி.பி.கள் இருக்கும் டிபி பாக்ஸைத் திறந்தேன். ஒருநாளும் விழுந்ததில்லை என்றுதான் அவர்களும் சொன்னார்கள். அடுப்படி லைனின் ஃபேஸ் வயர், எம்.சி.பி. வாயிலிருந்து இரண்டு விரல் நீளம் பழுப்பாகியிருந்தது. மெதுவாக வளைத்தேன், மேல்தோல் காய்ந்த வாழைப்பட்டை மாதிரி வெடித்து உதிர்ந்தது. ஐயா, உங்கள் வீட்டு வயர் 4 எம்.எம்.மா, ரெண்டரையா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கோபாலபுரம் பெரியவர்

ரெண்டரையாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதில்லையே, தம்பி. ராடு இருபது நிமிஷம், மைக்ரோவேவ் ஐந்து நிமிஷம். அதற்காக இவ்வளவு பயப்பட வேண்டுமா?

வேலந்தாவளம் வயர்மேன்

சேர்ந்து ஓடாததைக் கூட்ட வேண்டாம் என்பது சரிதான், ஐயா. மிக்ஸி மாதிரி இரண்டு நிமிஷம் ஓடுவதை நானும் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் 32 போட்ட லைனில் நாளைக்கு யாராவது ஒரு ஏர் ஃபிரையர் மாட்டினால், வயர் வெந்துகொண்டிருக்கும், எம்.சி.பி. சும்மா இருக்கும்.

நெம்மாறா கேட்டரிங்

எங்கள் சமையலறையில் கிளாம்ப் மீட்டர் வாங்கி அளந்தோம். ஸ்டிக்கர் கணக்கும் மீட்டரும் கிட்டத்தட்ட ஒத்துப்போகின்றன. ஒன்று கவனம்: ஃபேஸ் வயர் ஒன்றை மட்டும்தான் வளையத்துக்குள் விட வேண்டும். இரண்டு வயரையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம் காட்டும், அதை நம்பி லோடு இல்லை என்று எங்கள் பையன் ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். டிபி பாக்ஸைத் திறந்து அளப்பதை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

அப்புறம், ராடு 6 ஆம்பியர் சாக்கெட்டிலா மாட்டுகிறீர்கள்? எங்களிடம் அப்படித்தான் ஒரு சாக்கெட்டின் ஓட்டை கருகியது. எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது, 6.5 ஆம்பியருக்கு அது எதற்கு விழப் போகிறது?

கொழிஞ்சாம்பாறை மருமகள்

ஆமாம், சின்ன சாக்கெட்தான். பிளக்கைப் பிடுங்கும்போது பின் சுடும்.

வேலந்தாவளம் வயர்மேன்

அந்த சாக்கெட்டை இன்றைக்கே விட்டுவிடுங்கள், அக்கா. ராடுக்கு 16 ஆம்பியர் சாக்கெட்டும் அதற்கேற்ற பெரிய பிளக்கும் வேண்டும்.

லைனை இரண்டாகப் பிரிப்பதுதான் நான் செய்வது. டிபியிலிருந்து தனிப் பைப்பில் புதிதாக ஒரு 2.5 லைன் இழுத்து, இன்னொரு 16 எம்.சி.பி. போட்டு, அதில் இண்டக்‌ஷனும் மைக்ரோவேவும். 13.9 ஆம்பியர் ஆகும். பழைய லைனில் ராடு, மிக்ஸி, ஃபிரிட்ஜ், 10.8. இரண்டும் காலை முழுக்க ஓடினாலும் விழாது. மீட்டரிலிருந்து டிபிக்கு வரும் மெயின் வயரும் ஐசொலேட்டரும் தாங்குமா, கே.எஸ்.இ.பி.யில் பதிந்த லோடு எவ்வளவு என்று முதலில் பார்க்க வேண்டும். ஏ.சி.யும் இருக்கிறதே.

நெம்மாறா கேட்டரிங்

ஃபிரிட்ஜை ராடோடு விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ராடில் ஏதாவது ஆகி எம்.சி.பி. விழுந்தால், ஊருக்குப் போன நேரத்தில் உள்ளே இருப்பதெல்லாம் கெட்டுவிடும். ஃபிரிட்ஜுக்குத் தனி 6 ஆம்பியர் கொடுத்துவிடலாம்.

வேலந்தாவளம் வயர்மேன்

கொடுக்கலாம், சேட்டா, டிபியில் இடம் இருந்தால். கம்ப்ரஸர் எடுக்கும்போது ஒரு நொடி பல மடங்கு இழுக்கும், அதனால் அதைத் தாங்கும் சி வகை எம்.சி.பி.யாகப் பார்த்து வாங்க வேண்டும். பி வகை சில ஃபிரிட்ஜுக்கு விழுந்திருக்கிறது. ஊருக்குப் போகும்போது ராடைப் பிடுங்கி வைத்தாலே போதும் என்பது என் கட்சி.

கொழிஞ்சாம்பாறை மருமகள்

டிபியில் ஒரே ஒரு இடம்தான் காலி. அதைப் புது லைனுக்கு எடுத்தால் ஃபிரிட்ஜுக்கு இல்லை. வீட்டுக்காரர் வந்ததும் மெயின் வயரைப் பார்க்கச் சொல்கிறேன். ராடு இனி அந்த சாக்கெட்டில் இல்லை, விறகடுப்பில்தான் வெந்நீர்.