வேலை தேடுகிறேன்: கழிவுநீர் சுத்திகரிப்பு, ஆர்.ஓ. பிளான்ட் (ராணிப்பேட்டை, ஆம்பூர், வேலூர்)

எல்லோருக்கும் வணக்கம். ராணிப்பேட்டையில் நான் இருந்த தோல் தொழிற்சாலையில் ஆர்டர் குறைந்து ஆட்குறைப்பு செய்ததில் போன மாதம் என் வேலையும் போய்விட்டது. கணக்கு எல்லாம் முடிந்து அனுபவச் சான்றிதழும் கையில் இருக்கிறது, உடனே சேரலாம்.

கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவன், ஒன்பது வருடமாக கழிவுநீர் பிளான்ட்தான். ஏரேஷன் டேங்க் முதல் ஆர்.ஓ., எவாப்பரேட்டர் வரை ஓட்டியிருக்கிறேன், ஆனால் எனக்கு நன்றாகக் கைவந்தது ஆர்.ஓ. பழுது பார்ப்பது. மெம்ப்ரேனில் தண்ணீர் குறைந்தாலே பல இடங்களில் ஆசிட் விட்டுக் கழுவுகிறார்கள், நான் முதலில் ஒவ்வொரு ஸ்டேஜிலும் உள்ளே போகும், வெளியே வரும் பிரஷரை எழுதி வைப்பேன். முதல் ஸ்டேஜில் வித்தியாசம் ஏறினால் பெரும்பாலும் கிருமிப் படலமோ முன்வடிகட்டலில் தப்பி வந்த கசடோதான், அதற்கு முதலில் காரக் கழுவல் வேண்டும், ஆசிட்டை முதலில் விட்டால் படலம் இன்னும் இறுகிவிடும். கடைசி ஸ்டேஜில் ஏறி, சுத்த நீரில் டி.டி.எஸ்.ஸும் கூடினால் கால்சியம் உப்பு படிகிறது என்று சந்தேகப்பட்டு ஆன்டிஸ்கேலன்ட் பம்ப் சரியாக டோஸ் செய்கிறதா என்று பார்ப்பேன்.

பி.எல்.சி. புரோகிராம் எழுதத் தெரியாது, பேனலில் அலாரம் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பேன். ஷிப்ட் இன்சார்ஜ் அல்லது பிளான்ட் இன்ஜினியர் வேலை என்றால் நல்லது, இரவு ஷிப்டும் சரி. வெறும் சேல்ஸ் வேலை வேண்டாம். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், பயோடேட்டா அனுப்புகிறேன்.