பூனை சினையா? புத்தாண்டு வெடிக்கு முன் இடம் தயார் செய்ய வேண்டும்

ரதி, வெள்ளவத்தை (மார்ச் 20)
எங்கள் மீனுவுக்கு ஒன்றரை வயது. பெப்ரவரி 9 முதல் 11 வரை இராத்திரியில் கத்திக்கொண்டே மொட்டைமாடிக்கு ஓடினாள். அங்கே ஒரு கடுவன் வந்துபோவதையும் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு தடவையும் அப்படிக் கத்தவில்லை. மூன்று வாரத்தில் முலைக்காம்புகள் இளஞ்சிவப்பாகத் தடித்தன. இப்போது சாப்பாடு கூடிவிட்டது, மேலிருந்து பார்த்தால் இடுப்பின் இரு பக்கமும் தள்ளித் தெரிகிறது. சினைதானா? எப்போது குட்டி போடுவாள்? இரண்டு அறை ஃபிளாட், மேல்வீட்டில் டைல்ஸ் வெட்டுகிறார்கள். எங்கே இடம் வைப்பது?

குமார், கொட்டாஞ்சேனை
சினைதான் தங்கச்சி. சரியாக 60 நாள். மெல்ல வயிற்றை அமத்திப் பாருங்கள், உருண்டை உருண்டையாகக் கைக்குத் தெரியும், எத்தனை குட்டி என்று எண்ணலாம். தினமும் பசுப்பால் கொடுங்கள்.

சாந்தி, தெஹிவளை (மிருக கிளினிக்கில் எட்டு வருடம் வேலை செய்தேன்)
குமார் அண்ணா, உருண்டையாகத் தெரிவது உண்மை. ஆனால் அது மூன்று, நான்கு வாரத்தில், பழகிய கைக்கு மட்டும். வீட்டில் அமத்தினால் குட்டிக்கு அடிபடும். பசுப்பால் நிறையப் பூனைகளுக்கு வயிற்றாலே போகும், குட்டிப் பூனைக்கான உணவு கொடுத்தால் போதும்.

ரதி, நீங்கள் சொன்ன எல்லாம் சினைக்கான அடையாளம்தான், காம்பு சிவந்தது முக்கியமானது. பொதுவாக 63 முதல் 65 நாள், சில நாள் முன்பின் ஆகும். மூன்று இரவும் கடுவன் வந்ததால் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று சொல்ல முடியாது. பெப்ரவரி 10 என்று வைத்தால் 63ஆவது நாள் ஏப்ரல் 14, புத்தாண்டன்றே. ஏப்ரல் 8க்கே பெட்டி தயாராக இருக்கட்டும். எத்தனை குட்டி என்று தெரிய வேண்டுமென்றால் 45 நாளுக்குப் பிறகு எக்ஸ்ரே எடுக்கலாம். அதற்கு முன் எலும்பு சரியாகத் தெரியாது.

ஃபரீனா, மருதானை
ஆபரேஷன் எப்போது செய்யலாம் என்றா கேட்கிறீர்கள்? எங்கள் பூனைக்கும் வயிறு இப்படித்தான் பெருத்தது. குட்டி என்று ஒரு மாதம் காத்திருந்தோம். கடைசியில் கருப்பையில் சீழ். தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள், சாப்பிடவே இல்லை.

சாந்தி
ஃபரீனா, ஆபரேஷன் பற்றி அவர் கேட்கவில்லை. ஆனாலும் நல்ல நேரத்தில் சொன்னீர்கள். மீனு நன்றாகச் சாப்பிடுவதால் அந்தப் பயம் குறைவு, என்றாலும் ஒரு தடவை ஸ்கேன் பண்ணிவிடுங்கள்.

இடம் பற்றி: மேல்வீட்டுச் சத்தம் குறைவான அறையில், கட்டிலுக்கு அடியிலோ அலுமாரியின் கீழ்த்தட்டிலோ அட்டைப் பெட்டி வையுங்கள். மீனு நீட்டிப் படுத்துத் திரும்பும் அளவு அகலம் வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் தாழ்த்தி வெட்டினால் அவள் ஏறி இறங்கலாம், குட்டி வெளியே உருளாது. அடியில் பத்திரிகைத்தாள், மேலே துவைத்த பழைய சாரம். நூல் பிரிந்த துவாய் வேண்டாம், குட்டியின் கால் சிக்கும். இப்போதிருந்தே அவள் சாப்பாட்டை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பழக்குங்கள். பழகாத பெட்டியை விட்டுவிட்டு உங்கள் சேலைகளுக்கு நடுவில் போட்டுவிடுவாள். எட்டிப் பார்க்க ஆட்களை விடாதீர்கள், குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறு இடம் தேடுவாள்.

ரதி
அக்கா, புத்தாண்டு வெடிக்கு என்ன செய்வது?

சாந்தி
ஜன்னலைப் பூட்டி, பெட்டியின் மேல் ஒரு போர்வை போட்டு, மின்விசிறியை ஓட விடுங்கள். முழுச் சத்தமும் நிற்காது. 10ஆம் திகதியிலிருந்து பால்கனிக் கதவைத் திறக்க வேண்டாம், பயந்தால் வெளியே ஓடிவிடுவாள்.

கவனிக்க வேண்டியது இது: பலமாக முக்கி முக்கி 20, 30 நிமிடம் ஆகியும் குட்டி வராவிட்டால் காத்திருக்காமல் வைத்தியரிடம் போங்கள். பண்டிகை நாளில் எது திறந்திருக்கும் என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

ரதி (ஏப்ரல் 13)
நேற்று மாலை சாப்பாட்டைத் தொடவில்லை, சாரத்தைப் பிறாண்டிக்கொண்டே இருந்தாள். இரவு 2.40க்கு முதல் குட்டி. ஐந்து மணிக்குள் மூன்று. பிறகு நான்கு மணித்தியாலம் எதுவும் இல்லை. நான் பயந்துவிட்டேன், ஆனால் அவள் முக்கவில்லை, பால் கொடுத்துக்கொண்டு தூங்கினாள். ஒன்பது மணிக்கு நாலாவது. எல்லாம் பெட்டியில்தான், மேல்வீட்டு வேலையும் பண்டிகைக்காக நின்றிருக்கிறது. ஒரே ஒரு சந்தேகம். நான்கு குட்டிக்கு மூன்று இளங்கொடிதான் கண்டேன்.

குமார்
அவளே தின்றிருப்பாள் தங்கச்சி.

சாந்தி
அநேகமாக அப்படித்தான். அந்த இடைவெளியும் பூனைக்கு நடப்பதுதான், அவள் முக்காமல் அமைதியாக இருந்தாள் அல்லவா. ஆனால் கொடி உள்ளே நிற்கவில்லை என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. இரண்டு, மூன்று நாள் பாருங்கள். நாற்றமடிக்கும் கசிவு, சாப்பாடு வேண்டாமென்பது, குட்டிகளை விட்டு விலகிப் படுப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே கொண்டு போங்கள்.

ரதி
இப்போதுதான் ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டுவிட்டு மறுபடி பெட்டிக்குள் போனாள். நாளைக் காலை எழுதுகிறேன்.