கலைச்சொல் தேவை: பக்கந்தோறும் திரும்ப வரும் அட்டவணைத் தலைப்பு வரிசை

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
வருடிய பக்கங்களிலிருந்து அட்டவணைகளைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன்; நாளை மாலைக்குள் ஒப்படைக்க வேண்டும். ஒரே அட்டவணை பல பக்கங்களில் நீளும்போது அதன் தலைப்பு வரிசை ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் மறுபடி அச்சாகிறது. பக்கங்களை ஒன்றாக்கும்போது முதல் பக்கத்துத் தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்க வேண்டும். நீக்கப்படும் அந்த வரிசைக்குச் சுருக்கமான பெயர் வேண்டும். ‘தலைவரி’ என்று எழுதிப் பார்த்தேன். ஆள்வரி கட்டச் சொல்வது போலிருக்கிறது.

இரண்டாமவர்:
இதற்குப் புதுச்சொல் எதற்கு? ‘மேற்குறிப்பு’ என்பது ஏற்கெனவே வழக்கில் உள்ளதே. பக்க எண்ணும் நூற்பெயரும் வரும் இடம்தானே?

மூன்றாமவர், இத்தகைய நிரல்களை எழுதுபவர்:
இல்லை ஐயா, அது பக்கத்துக்கு உரியது. அட்டவணையின் கட்டங்களுக்கு வெளியே நிற்பது. இங்கே கேட்கப்படுவது கட்டங்களுக்குள் தரவு வரிசை போலவே உட்கார்ந்திருக்கும் ஒன்று. அதனால்தான் தொல்லை. அண்மையில் எனக்கு வந்த ஓர் அட்டவணை 9 பக்கம்; தலைப்பு நீங்கலாகப் பக்கத்துக்கு 30 வரிசை, கடைசிப் பக்கத்தில் மட்டும் 22, ஆக 262 வரிசைகள். இரண்டாம் பக்கம் முதல் எல்லாப் பக்கங்களிலும் முதல் வரிசையை நீக்கினேன், 261 கிடைத்தது. ஏழாம் பக்கத்தை வருடியபோது உச்சி வெட்டுப்பட்டுத் தலைப்பே விழாமல் போயிருந்ததால், வரிசை எண் 181 தலைப்பென்று கருதப்பட்டு நீங்கிவிட்டது. பிறகு முதல் பக்கத் தலைப்போடு எழுத்துக்கு எழுத்து ஒத்தால் மட்டும் நீக்குமாறு மாற்றினேன், இப்போது 263. நான்காம் பக்கத்தில் எழுத்துணரி ‘விளைவு’ என்பதை ‘வினைவு’ என்று படித்திருந்தது. ஆகவே அந்தத் தலைப்பு 90க்கும் 91க்கும் நடுவே தங்கிவிட்டது. இறுதியில் உதவியது, இரு வரிசைகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று காட்டும் நெருக்க அளவு:

```python
from difflib import SequenceMatcher

def is_header(row, head):
    a, b = "|".join(row), "|".join(head)
    return SequenceMatcher(None, a, b).ratio() > 0.85
```

இதிலும் 0.85 என்பது என் அட்டவணைக்குப் பொருந்திய எல்லை மட்டுமே. மொத்த எண்ணிக்கையை மட்டும் நம்பவும் கூடாது. ஒன்று குறைந்து ஒன்று கூடினால் கணக்கு சரியாகவே தோன்றும். வரிசை எண் வரும் நெடுவரிசையில் 1 முதல் 262 வரை இடைவெளியோ எண்ணில்லாத கட்டமோ இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எனக்கு அமைதி.

நான்காமவர், தமிழாசிரியர்:
அணியிலக்கணம் இதற்கு இடம் தருகிறது. சிலர் ‘மடக்கு’ என்பார்கள். ஆனால் மடக்கில் திரும்ப வரும் எழுத்துத்தொடர் வேறு பொருள் தரும். இங்கோ சொல்லும் பொருளும் மாறாமல் வருகின்றன. ஆகவே இது சொற்பொருள் பின்வருநிலையணி. ‘பின்வருதலை’ என்று ஆக்கலாம். ‘மீள்தலைப்பு’ என்பீர்களாயின், நாள் தோறும் ‘நாடோறும்’ ஆவதுபோல் அது ‘மீடலைப்பு’ ஆக வேண்டாவா என்று கேட்பேன்.

ஐந்தாமவர்:
‘பின்வருதலை’ என்று திரையில் கண்டால், பின்னால் யாரோ வருகிறார்கள் என்றுதான் பயனர் எண்ணுவார். வேலை செய்பவர்கள் ‘ஹெடர்’ என்கிறார்கள். ‘இரட்டை ஹெடர்’ என்று வைத்துவிட்டு நகருங்கள்.

மூன்றாமவர்:
‘இரட்டை’ பொருந்தாது. தலைப்பே இரண்டு வரிசையாக, மேலே பெருந்தலைப்பும் கீழே உட்தலைப்புமாக அமைந்த அட்டவணைகள் உண்டு. அவற்றைத்தான் அச்சொல் குறிக்கும். அங்கே ஒன்றை மட்டும் நீக்கினால் மற்றது தரவுக்குள் தங்கிவிடும். வரிசைக்குக் கணிதத்தில் நிரை என்கிறோம். ‘தலைநிரை’ என்றால் வரியோடும் நூல்தலைப்போடும் குழப்பமில்லை. திரும்ப வருவதை ‘மீள்தலைநிரை’ எனலாம்.

ஆறாமவர்:
என் கணக்கேடுகளில் தலைநிரைக்குக் கீழே முந்தைய பக்கத்தின் கூட்டுத்தொகையும் ஒரு வரிசையாக வரும். அதை நீக்காமல் கூட்டி ஒருமுறை மொத்தத்தைப் பெருக்கிவிட்டேன். அதையும் இச்சொல் உள்ளடக்குமா?

மூன்றாமவர்:
உள்ளடக்காது. தொகைக்குப் பக்கந்தோறும் எண் மாறும், ஆகவே முதல் பக்கத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க இயலாது; முந்தைய பக்கத்தின் கூட்டலைச் செய்துதான் அடையாளம் காண முடியும். வேறு பெயர் வேண்டும்.

நான்காமவர்:
‘மீள்’ என்பதற்குத் திரும்பிப்போதல், தப்புதல் என்றும் பொருளுண்டு. நீக்கப்படும் ஒன்றை மீள்வது என்பது முரண். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
மறுப்பைக் குறித்துக்கொண்டேன். கையேட்டில் ‘மீள்தலைநிரை’ என்றும், முதன்முறை வரும் இடத்தில் ‘பக்கந்தோறும் மறுபடி அச்சான தலைநிரை’ என்று விரித்தும் எழுதியிருக்கிறேன். பக்கங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்கும் செயலுக்கு ‘இணைப்பு’ என்றால் பொதுவான நெடுவரிசை ஒன்றைக் கொண்டு இரு அட்டவணைகளைப் பக்கவாட்டில் சேர்ப்பதோடு குழம்புகிறது. ‘தொடுப்பு’ என்றால் இணைய முகவரி நினைவுக்கு வருகிறது. இப்போதைக்கு ‘கீழ்ச்சேர்ப்பு’ என்று விட்டிருக்கிறேன். இதைவிட நல்லது எவருக்காவது தோன்றினால் நாளை நண்பகலுக்குள் எழுதவும்.